லேப் சுவிட்ச் வாங்கும் பள்ளிகள் கவனிக்கவும்: எந்தப் போர்ட் கிகாபிட்?

தக்கலைப் பக்கம் உள்ள ஒரு பள்ளியில் கணினி ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் லேபுக்கு நெட்வொர்க் போட்டுத் தந்தவர் கொட்டேஷனில் "24 போர்ட் கிகாபிட் சுவிட்ச், 2 எண்ணம்" என்று எழுதியிருந்தார். கிகாபிட் என்றால் விநாடிக்கு 1000 மெகாபிட் வேகம். எண்ணிக்கை சரிதான். மாணவர்களுக்கு 30 கணினி. ஆசிரியர் கணினி, சர்வர், பிரிண்டர், ரூட்டர் சேர்த்தால் 34 போர்ட். இரண்டு சுவிட்சையும் இணைக்க இன்னும் 2. 48 தாராளம்.

ஆனால் சர்வரில் இருக்கும் 200 எம்பி பாட வீடியோவைப் பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாகத் திறந்தால், பாதி பீரியட் வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே போய்விடும். அவரைக் கூப்பிட்டால், "நெட் பிளான் சின்னது டீச்சர், பெருசா மாத்துங்க" என்றார். நிர்வாகம் ஒரு வருடப் பணத்தை முன்கூட்டியே கட்டியது. ஒன்றும் மாறவில்லை.

ரூட்டர் கேபிளைக் கழற்றிவிட்டு வீடியோவைத் திறந்து பார்த்தேன். அதே தாமதம். அப்படியானால் கோளாறு நெட்டில் இல்லை, லேபுக்குள்ளேதான். சர்வரில் Settings, Ethernet பக்கத்தில் Link speed என்ற வரி 100/100 (Mbps) என்று காட்டியது. சுவிட்சின் விவரத்தாளைத் தேடி எடுத்தேன். 24 போர்ட்டும் 100 எம்பிபிஎஸ். சர்வரையோ இன்னொரு சுவிட்சையோ இணைப்பதற்காக ஓரத்தில் இருக்கும் 2 அப்லிங்க் போர்ட் மட்டுமே கிகாபிட். ஸ்விட்சிங் கெபாசிட்டி, அதாவது எல்லாப் போர்ட்டிலும் சேர்த்து சுவிட்ச் கடத்தக்கூடிய மொத்த வேகம், 8.8 Gbps என்று இருந்தது. 24 போர்ட்டும் உண்மையிலேயே கிகாபிட் என்றால், போகவும் வரவும் சேர்த்து அந்த எண் குறைந்தது 48 Gbps இருக்க வேண்டும். பெட்டியில் எவ்வளவு பெரிதாக கிகாபிட் என்று போட்டிருந்தாலும் இந்த எண் உண்மையைச் சொல்லிவிடும்.

இதைவிட என்னை வேதனைப்படுத்தியது, அந்த நான்கு கிகாபிட் போர்ட்டும் காலியாகக் கிடந்ததுதான். சர்வரையும், சுவிட்சுகளுக்கு இடையிலான கேபிளையும் சாதாரணப் போர்ட்டில் செருகியிருந்தார். 30 கணினிக்கும் சர்வரிலிருந்து வரும் வழி ஒரே 100 எம்பிபிஎஸ். ஓவர்சப்ஸ்கிரிப்ஷன், அதாவது கணினிகள் கேட்கக்கூடிய மொத்த வேகத்துக்கும் அந்த வழியின் வேகத்துக்கும் உள்ள விகிதம், 30:1. 30 பேருக்கு 200 எம்பி என்றால் 6,000 எம்பி, ஒரு பைட்டுக்கு 8 பிட் வீதம் 48,000 மெகாபிட். 100 ஆல் வகுத்தால் 480 விநாடி. கணக்குப்படியே 8 நிமிடம், நடைமுறையில் அதற்கும் மேல்.

சர்வரை முதல் சுவிட்சின் கிகாபிட் போர்ட்டுக்கு மாற்றினேன். மீதி கிகாபிட் போர்ட்டிலிருந்து இரண்டாவது சுவிட்சின் கிகாபிட் போர்ட்டுக்கு இணைப்பு. சர்வரில் Link speed 1000 ஆனது, விகிதம் 3:1 ஆனது. இரண்டாவது சுவிட்சில் இருக்கும் 15 கணினிக்கு இடை இணைப்பில் 1.5:1தான். கணக்கு 48 விநாடி. இப்போது ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட ஆகிறது. இவ்வளவு சின்ன லேபுக்கு இதே சுவிட்ச் போதும், கிகாபிட் விலை கொடுக்க வேண்டியதே இல்லை.

கொட்டேஷன் வாங்கும்போது மாடல் எண், எத்தனை போர்ட் என்ன வேகம், சர்வர் எந்தப் போர்ட்டில் வரும் என்பதை எழுத்தில் கேளுங்கள். விலை வித்தியாசத்தைத் திருப்பித் தரச் சொல்லி நாங்கள் அவருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம். நெட் பிளானுக்குக் கட்டிய பணம் திரும்பி வராது என்று நெட் கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.