ஆறு வயது மடிக்கணினி: சீர்செய்து ஓட்டுவதா, புதிது வாங்குவதா?

மடிக்கணினி ஐந்தாறு ஆண்டுகளைக் கடந்து மந்தமாகத் தொடங்கியதும், பெரும்பாலும் கிடைக்கும் ஆலோசனை "பழசாகிவிட்டது, மாற்றிவிடுங்கள்" என்பதுதான். 2019-இல் வாங்கிய என் கணினிக்கும் அதுவே சொல்லப்பட்டது. எட்டாம் தலைமுறை இன்டெல் ஐ5 பிராசசர், 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க் கொண்ட அது, இயக்கிய பிறகு வேலைக்குத் தயாராக ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டது. சார்ஜரைக் கழற்றினால் ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. சுமார் 55,000 ரூபாய்க்குப் புதிது வாங்குவதா, பழையதையே சீர்செய்வதா என்று அலசிப் பார்த்து, சீர்செய்வதையே தேர்ந்தெடுத்தேன். எழுத்து, கணக்கு, இணையவழி வகுப்பு, வீடியோ அழைப்பு ஆகிய வேலைகளுக்குப் பயன்படுத்துபவர்களுக்கு இன்றும் அதையே பரிந்துரைப்பேன். வீடியோ எடிட்டிங், கேமிங் போன்ற கனமான வேலைகளில் எனக்கு அனுபவம் குறைவு என்பதால், அவற்றுக்கு இந்த அலசல் அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

புதியதன் நன்மைகள் எல்லோருக்கும் தெரிந்தவையே: எடை குறைவு, திரை தெளிவு, ஓராண்டு வாரண்டி, நீடித்து நிற்கும் பேட்டரி. இவற்றை மறுப்பதற்கில்லை. ஆனால் முடிவைத் தீர்மானிக்க வேண்டிய கேள்வி, பழைய கணினியில் உண்மையில் எந்தப் பாகம் மூப்படைந்திருக்கிறது, அதைக் கழற்றி மாற்ற முடியுமா என்பதுதான். மடிக்கணினியின் எல்லாப் பாகங்களும் ஒரே வேகத்தில் தேய்வதில்லை. பிராசசர் பெரும்பாலும் தேய்வதே இல்லை. ஹார்டு டிஸ்க், பேட்டரி, மின்விசிறி ஆகிய மூன்றும்தான் முதலில் தளர்கின்றன. பெரும்பாலான பழைய மாடல்களில் இந்த மூன்றையும் மாற்றிவிடலாம்.

மந்தத்துக்குக் காரணம் எது என்பதை டாஸ்க் மேனேஜரே காட்டிவிடும். Ctrl+Shift+Esc அழுத்தித் திறந்து, கணினி திணறும் வேளையில் CPU, Memory, Disk ஆகிய மூன்று பத்திகளையும் பார்க்க வேண்டும். என் கணினியில் CPU 15 சதவீதத்திலும் Memory 70 சதவீதத்திலும் இருக்க, Disk மட்டும் 100 சதவீதத்தில் நின்றது. அதாவது பிராசசர் வேலையின்றிக் காத்துக்கொண்டிருக்க, சுழலும் தட்டில் சிதறிக் கிடக்கும் சிறுசிறு கோப்புகளை எடுக்க ஹார்டு டிஸ்கின் முள் அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பதிலாக, சுழலும் பாகமே இல்லாத 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தி விண்டோஸைப் புதிதாக நிறுவியதும், ஐந்து நிமிடக் காத்திருப்பு அரை நிமிடத்துக்கும் கீழே இறங்கியது. மாறாக, எஸ்எஸ்டி ஏற்கெனவே இருந்து, அன்றாட வேலையிலேயே CPU 100 சதவீதத்தைத் தொட்டு நிற்கிறது என்றால், மின்விசிறியில் அடைந்த தூசியை அகற்றி, பிராசசர் மேல் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாகப் பூசிப் பார்க்க வேண்டும். சூடேறும் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகும் நிலைமை மாறாவிட்டால், பிராசசரே போதவில்லை என்று பொருள். அங்கே சீர்செய்தல் உதவாது.

பேட்டரியையும் ஊகத்தால் எடைபோட வேண்டியதில்லை. கமாண்ட் பிராம்ப்ட்டில் பின்வரும் வரியைத் தட்டினால், விண்டோஸ் ஓர் அறிக்கையை உருவாக்கி, அது சேமிக்கப்பட்ட இடத்தையும் காட்டும்:

```
powercfg /batteryreport
```

அதில் DESIGN CAPACITY என்பது புதிதாக இருந்தபோதைய கொள்ளளவு. FULL CHARGE CAPACITY என்பது இன்று முழுதாக ஏற்றினால் நிற்கும் அளவு. எனக்கு முன்னது 41,040 மில்லிவாட் மணி, பின்னது 19,700. பாதிக்கும் சற்றுக் குறைவு. 70 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பேட்டரியைத் தொட வேண்டாம், பாதியை நெருங்கினால் மாற்றலாம் என்பது என் கணிப்பு. ஆனால் டச்பேட் மேலெழும்பினாலோ, அதை அழுத்தும்போது கிளிக் விழாவிட்டாலோ, அடிப்பகுதி மேசையில் சமமாக உட்காராமல் ஆடினாலோ பேட்டரி உப்பியிருக்கக்கூடும். அப்போது சதவீதக் கணக்குக்கே இடமில்லை, சார்ஜ் ஏற்றுவதை நிறுத்திவிட்டு அதைக் கழற்றக் கொடுத்துவிட வேண்டும். பழைய மாடல்களுக்கு ஒரிஜினல் பேட்டரி கிடைப்பது அரிதாகிவிடுவதால் மாற்று நிறுவனத் தயாரிப்பையே வாங்க நேரலாம். அவற்றில் எழுதியிருக்கும் கொள்ளளவை அப்படியே நம்பாமல், பொருத்திச் சில முறை முழுதாக ஏற்றி இறக்கிய பிறகு அதே அறிக்கையை மீண்டும் எடுத்து, உத்தரவாதக் காலத்துக்குள்ளேயே சரிபார்த்துக்கொள்வது நல்லது.

எஸ்எஸ்டி, பேட்டரி, சுத்தம் செய்த கூலி எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு சுமார் 9,000 ரூபாய். இதனால் இன்னும் மூன்று ஆண்டுகள் ஓடும் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 3,000 ரூபாய். 55,000 ரூபாய் கணினி ஆறு ஆண்டுகள் உழைத்தாலும் ஆண்டுக்கு 9,000 ரூபாய்க்கு மேல் வருகிறது. சீர்செய்தது ஒரே ஆண்டில் படுத்துவிட்டாலும் இரண்டும் ஏறக்குறைய சமம்தான், நட்டமில்லை.

இந்தக் கணக்கு தலைகீழாகும் இடங்களும் உண்டு. மதர்போர்டு பழுது அவற்றில் முதன்மையானது. ஒருமுறை சீர்செய்த போர்டு மீண்டும் அதே கோளாறைக் காட்டினால் மேற்கொண்டு செலவு செய்யக் கூடாது. திரையின் கீல் தளர்ந்து, அதைத் தாங்கும் பிளாஸ்டிக் உடைந்து, திறக்கும்போதெல்லாம் விளிம்பு பிளப்பதும் அப்படித்தான். பசையால் ஒட்டியது நெடுநாள் நிற்பதில்லை, உடற்பகுதியையே மாற்றுவதென்றால் செலவு கூடிவிடும்.

அடுத்தது மென்பொருள் ஆதரவு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கணினியில் வேண்டும்; இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். என் கணினி அந்த எல்லைக்கோட்டின் மேலேயே இருந்ததால்தான் செலவு செய்யத் துணிந்தேன். ஏழாம் தலைமுறையாக இருந்திருந்தால், லினக்ஸுக்கு மாற மனமிருந்தால் மட்டுமே எஸ்எஸ்டி வாங்கியிருப்பேன். வங்கி, வரித்தாக்கல் வேலைகளைப் பாதுகாப்புப் புதுப்பிப்பு இல்லாத விண்டோஸில் செய்வதை ஏற்க முடியாது.

சீர்செய்வதில் இன்னொரு பலன், வாங்கும் நேரத்தை நாமே தேர்ந்தெடுக்க முடிவது. கணினி திடீரென நின்றுபோனால், அந்த வாரம் கடையில் இருப்பதை அவர்கள் சொல்லும் விலைக்கு வாங்க நேரும். ஓடிக்கொண்டிருந்தால், தீபாவளியை ஒட்டிய விற்பனைக்கோ ஜனவரியின் குடியரசு தின விற்பனைக்கோ காத்திருக்கலாம். புதிய பிராசசர்கள் பெரும்பாலும் ஜனவரியில் அறிவிக்கப்படுவதால், முந்தைய தலைமுறைக் கணினிகள் அதையடுத்த மாதங்களில் விலை இறங்க வாய்ப்புண்டு. இதை உறுதியான விதியாகக் கொள்ள வேண்டாம்: 2025 இறுதியில் ரேம் விலை கடுமையாக ஏறியது போன்ற காலங்களில் காத்திருந்தவருக்கு விலை கூடத்தான் செய்யும்.

வாங்கும்போதும், பாகத்தைக் கழற்றி மாற்ற முடியுமா என்ற அந்தப் பழைய கேள்வியையே கேட்க வேண்டும். மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேம் போர்டோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருக்கும். 8 ஜிபியில் வாங்கினால் கடைசிவரை 8 ஜிபிதான். அப்படிப்பட்ட கணினியானால் தொடக்கத்திலேயே 16 ஜிபி எடுத்துவிட வேண்டும்; இல்லையேல், காலியான ரேம் ஸ்லாட் ஒன்றாவது இருக்கிறதா என்று நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த மாடல் எண்ணுக்குரிய விவரப்பட்டியலில் பார்த்துவிட்டே பணம் கட்ட வேண்டும்.