முகமாற்று மாடல்: பயிற்சியை எங்கே நிறுத்துவது?

காணொளியில் ஒருவர் முகத்தில் இன்னொருவர் முகத்தைப் பொருத்தும் மென்பொருள் DeepFaceLab. அதன் SAEHD மாடலை நெடுநாள் ஓட்டிப் பார்த்தால் ஒன்று புரியும். மாடலின் பிழையைக் காட்டும் லாஸ் கோடு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டேதான் இருக்கும். அது தானாக நிற்கட்டும் என்று காத்திருந்தால் மின்கட்டணம்தான் ஏறும்.

காரணம் அமைப்பிலேயே இருக்கிறது. df வகையில் இரண்டு முகங்களுக்கும் என்கோடர் ஒன்றுதான், டீகோடர் மட்டும் தனித்தனி. பொருத்த வேண்டிய முகம் src, அது போய் உட்காரும் காட்சியில் உள்ள முகம் dst. திரையில் வரும் இரண்டு லாஸ் எண்களும் src தன்னையும் dst தன்னையும் எவ்வளவு சரியாக மீட்டு வரைகின்றன என்பதையே அளக்கின்றன. பிரிவியூவின் முதல் நான்கு பத்திகளில் src, அதை மாடல் மீட்டு வரைந்தது, dst, அதை மாடல் மீட்டு வரைந்தது என்று வரிசையாக வரும். நமக்கு வேண்டியதோ ஐந்தாவது பத்தி: dst முகபாவத்தில் src முகம். அதற்கு ஒப்பிட அசல் படமே கிடையாது என்பதால் எண்ணும் கிடையாது. கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

தோ பாயோ புளோக் ஒன்றின் நடைவழியில் எடுத்த குறும்படக் காட்சியை வைத்துக்கொள்வோம். டூப் நடிகரின் முகத்தில் நாயகனின் முகம். இருவரும் ஒப்புதல் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். லாஸ் கிட்டத்தட்ட சமதளமாகிவிட்டது. நான்காவது பத்தியில் இமைமுடிகூடத் தெளிவு. ஆனால் டூப் பக்கவாட்டில் திரும்பும் படங்களில் மட்டும் ஐந்தாவது பத்தியில் கன்னம் குழைந்து கிடக்கிறது. இன்னும் ஒரு வாரம் ஓட்டினாலும் இது மாறாது. நாயகனின் பக்கவாட்டு முகம் src தொகுப்பில் இல்லாததால் அந்த டீகோடர் அதைக் கற்கவே இல்லை. நிறுத்திவிட்டு அந்தக் கோணப் படங்களைச் சேர்த்துத் தொடருங்கள். மாறாக இரண்டாவது, நான்காவது பத்திகளும் மங்கலாக இருந்தால் பயிற்சிதான் போதவில்லை, ஓடட்டும்.

கோட்டைப் படிப்பதில் பலர் ஏமாறும் இடம், பயிற்சிப் படங்களைத் தாறுமாறாக வளைத்துக் கொடுக்கும் `random warp`. அதை அணைத்ததும் லாஸ் சட்டென்று விழும். மாடல் தேறிவிட்டது என்று பொருள் இல்லை, கேள்வித்தாள் எளிதாகிவிட்டது, அவ்வளவுதான். ஆகவே அமைப்பை மாற்றுவதற்கு முன்னும் பின்னும் வரும் எண்களை ஒப்பிடாதீர்கள். ஐந்தாவது பத்தியில் பற்கள் தனித்தனியாகப் பிரிந்து, பார்வையின் திசை மூன்றாவது பத்தியோடு ஒத்துப்போகும்வரை அதை அணைக்க வேண்டாம். அவசரப்பட்டு அணைத்தால் முகம் கூர்மையாகும், ஆனால் கண் சிமிட்டலும் பார்வையும் டூப்பைப் பின்பற்றாமல் போகும். லாஸ் அப்போதும் அழகாக இறங்கிக்கொண்டிருக்கும்.

கோடு திடீரென மேலே பாய்ந்து பிரிவியூ ஒரே நிறத் திட்டாகிவிட்டால் மாடல் சரிந்துவிட்டது. காத்திருக்காமல் பேக்கப்புக்குத் திரும்புங்கள். தானியங்கி பேக்கப்பை முதலிலேயே போட்டு வைக்காதவர்களுக்கு இங்கே ஆறுதல் எதுவும் இல்லை.

முடிவெடுக்க உதவுவது, பிரிவியூவை அவ்வப்போது சேமித்து வைக்கும் `Write preview history`. ஒரே படத்தைத் தேர்ந்து வைத்தால் அதன் வளர்ச்சி வரிசையாகக் கோப்புறையில் சேரும். பல்லாயிரம் இட்டரேஷன் இடைவெளியில் இரண்டு படங்களை எடுத்து, கண்ணையும் வாயையும் பெரிதாக்கிப் பாருங்கள். எது புதியது என்று சொல்ல முடியவில்லையென்றால் அந்தக் கட்டம் முடிந்தது. பிறகு கடினமான ஒரு ஷாட்டை மட்டும் மெர்ஜ் செய்து ஓடவிடுங்கள், ஏனென்றால் நடுக்கம் நிலைப்படத்தில் தெரியாது. முகத்தின் ஓரம் மட்டும் நடுங்கினால் அது மாஸ்க்கின் குறை, மாடலைத் தொடாதீர்கள். கண்ணும் வாயும் நடுங்கினால் `learning rate dropout`-ஐப் போட்டு இன்னும் கொஞ்சம் ஓட்டலாம்.