ரூட்டை ஒப்படைக்கும் முன்: வண்டி ஆவணங்களைக் கேட்பதில் மூன்று முறைகள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையிலிருந்து கிண்டி, பல்லாவரம், தாம்பரம் வரை தினமும் சரக்கு இறக்கும் ரூட்டை ஒரு டிரான்ஸ்போர்ட்டரிடம் ஒப்படைக்கும்போது ஆவணங்களைக் கேட்க வேண்டும் என்பதை எல்லா நிறுவனங்களுமே ஒப்புக்கொள்கின்றன. எப்படிக் கேட்பது என்பதில்தான் அவை வேறுபடுகின்றன. தொடக்கத்தில் ஒருமுறை ஜெராக்ஸ் வாங்கிக் கோப்பில் வைப்பது ஒரு முறை. எல்லாம் செல்லுபடியாகும் என்று டிரான்ஸ்போர்ட்டரிடமே உறுதிமொழிக் கடிதம் வாங்குவது இன்னொன்று. வண்டி எண் வாரியாகப் பதிவேடு வைத்து மாதந்தோறும் சரிபார்ப்பது மூன்றாவது. பல ஆண்டுகள் சரக்கு அனுப்பும் பொறுப்பில் இருந்த அனுபவத்தில், மூன்றாவது முறையைத் தவிர மற்ற இரண்டையும் தனியாக நம்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

நாம் ஒப்பந்தம் போடுவது டிரான்ஸ்போர்ட்டரின் பெயரில். இன்சூரன்ஸும், வண்டி ஓடத் தகுதியானது என்ற எஃப்சி சான்றும் இருப்பது வண்டியின் மீது. இந்த இடைவெளியில்தான் ஜெராக்ஸ் முறை தோற்றுப்போகிறது. நான்கு வண்டிகளுக்கு நான்கு வெவ்வேறு தேதிகளில் பாலிசி முடியும் என்பதால், ஓராண்டுப் பாலிசி உள்ள வண்டி ஒவ்வொன்றும் ஓராண்டு ஒப்பந்தத்துக்குள் எப்படியும் ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டியிருக்கும். சரக்கு வண்டிக்கு எட்டு வயது ஆகும்வரை எஃப்சி இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் எடுக்கப்பட வேண்டும். பழைய வண்டியின் கோப்பில் இருக்கும் தாள் எத்தனை விரைவில் காலாவதியாகும் என்பதை இதிலிருந்தே கணக்கிட்டுக்கொள்ளலாம். இதைவிடப் பெரிய ஓட்டை மாற்று வண்டி. சனிக்கிழமை காலை வழக்கமான வண்டி பிரேக்டவுன் ஆனால், எட்டு மணிக்கு வேறொரு வண்டி கேட்டில் வந்து நிற்கும். அதன் ஆர்சி கோப்பில் இருக்காது, ஆனாலும் லோடு ஏறிவிடும்.

உறுதிமொழிக் கடிதத்துக்கு ஒரு பயன் உண்டு: இழப்பு ஏற்பட்டால் டிரான்ஸ்போர்ட்டரிடமிருந்து வசூலிக்கும் உரிமையை அது எழுத்தில் நிலைநிறுத்துகிறது. ஆனால் அது இரு தரப்பினருக்கும் இடையிலான ஏற்பாடு மட்டுமே. விபத்தில் அடிபட்ட மூன்றாம் நபரை அது கட்டுப்படுத்தாது. இன்சூரன்ஸ் இல்லாத வண்டியின் விபத்தில் இழப்பீட்டுச் சுமை முதலில் உரிமையாளர் மீதும் ஓட்டுநர் மீதும் விழும் என்றாலும், வாடகைக்கு எடுத்தவர் எப்போதுமே வெளியே நின்றுவிட முடியாது. 1997இல் ராஜஸ்தான் அரசுப் போக்குவரத்துக் கழகம் வாடகைக்கு எடுத்து ஓட்டிய பேருந்து தொடர்பான வழக்கில், ஓட்டுநர் அந்தக் கழகத்தின் கட்டுப்பாட்டில் இருந்தார் என்ற காரணத்தால் கழகத்தையும் பொறுப்பாக்கி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எப்போதோ ஒரு டிரிப்புக்கு வரும் வண்டியைவிட, நாமே நேரமும் வழியும் குறித்து, நம் ஆளின் கட்டளைப்படி தினமும் ஓடும் வண்டியில்தான் இந்தக் கேள்வி எழ வாய்ப்பு அதிகம். வண்டிக்கு இன்சூரன்ஸ்கூடக் கட்ட முடியாத ஒருவர், தாம் கொடுத்த உறுதிமொழியின்படி லட்சக்கணக்கில் கொடுக்கும் நிலையில் இருப்பார் என்று எதிர்பார்ப்பதும் சரியல்ல.

மூன்றாவது முறைக்கு மாதம் வண்டி ஒன்றுக்குப் பத்து நிமிடம் செலவாகும். mParivahan செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் இன்சூரன்ஸ், எஃப்சி, மாசுச் சான்று ஆகியவை எந்தத் தேதி வரை செல்லும் என்பது தெரிந்துவிடும்; ஜெராக்ஸில் தேதி திருத்தப்பட்டிருந்தால் இங்கே பிடிபடும். ஆனால் பாலிசி எவ்வகையானது, எந்தப் பயன்பாட்டுக்கானது என்பதைத் தெரிந்துகொள்ள, பாலிசியின் விவரப் பக்கத்தை வாங்கிக் கண்ணால் படிக்க வேண்டும். சேசிஸ் எண் ஆர்சியோடு பொருந்துகிறதா என்றும், பயன்பாட்டு வரம்பு என்ற பகுதியில் வாடகைக்குச் சரக்கு ஏற்றத் தடை ஏதும் இருக்கிறதா என்றும் பாருங்கள். சொந்தச் சரக்குக்கு மட்டும் என்று எடுத்த பாலிசியில் நம் சரக்கை ஏற்றினால், இன்சூரன்ஸ் நிறுவனம் மறுப்புச் சொல்ல நாமே வழி திறந்துவிட்டதாகும்.

இங்கே எதிர்ப்பக்கமாகவும் ஒரு தவறு நடக்கிறது. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத குட்டியானை போன்ற சரக்கு வண்டிகளுக்குப் பெர்மிட் தேவையில்லை என்று மோட்டார் வாகனச் சட்டமே விலக்கு அளித்திருக்கிறது. அது தெரியாமல் ‘பெர்மிட் காட்டவில்லை’ என்று நல்ல வண்டிக்காரரைத் திருப்பி அனுப்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். எஃப்சிக்கு அந்த விலக்கு இல்லை.

நான் கையாண்ட ஒரு தேர்வைச் சொல்கிறேன். பதினான்கு அடி வண்டிகள் நான்கு, மாதம் 26 நாட்கள். முதல் டிரான்ஸ்போர்ட்டர் டிரிப்புக்கு 3,200 ரூபாய் கேட்டார், இரண்டாமவர் 3,600. மாதத்துக்கு 41,600 ரூபாய் வித்தியாசம் என்பதால் கணக்குப் பிரிவு முதலாமவருக்கே கொடுக்கச் சொன்னது. ‘பேப்பரெல்லாம் பக்காவா இருக்கு சார்’ என்று அவரும் அன்றே ஒரு கோப்பைக் கொண்டுவந்து வைத்தார். எண் வாரியாகப் பார்த்தபோது, ஒரு வண்டி மட்டுமே அவருடையது என்றும் மற்ற மூன்றும் வேறு உரிமையாளர்களிடமிருந்து சேர்த்து ஓட்டும் அட்டாச் வண்டிகள் என்றும் தெரிந்தது. அது தவறில்லை, ஆனால் உரிமையாளர்கள் யாரும் நம்மோடு ஒப்பந்தத்தில் இல்லை. ஒரு வண்டியின் எஃப்சி பதினொரு நாளில் முடிய இருந்தது. இன்னொன்றின் ஆர்சி புதிய உரிமையாளர் பெயரிலும், பாலிசி பழையவர் பெயரிலும் இருந்தன. வண்டி கைமாறினால் மூன்றாம் நபர் பாதுகாப்பு புதியவருக்கும் தொடரும் என்று சட்டம் கொள்கிறது. வண்டியின் சொந்தச் சேதத்துக்கு அப்படித் தானாகத் தொடராது. மூன்றாவது வண்டிக்கு மூன்றாம் நபர் பாலிசி மட்டுமே இருந்தது. அது சட்டப்படி போதுமானது. ஆனாலும் விபத்தானால் கைக்காசில் பழுதுபார்க்க முடியாத உரிமையாளரின் வண்டி ஒர்க்‌ஷாப்பிலேயே நிற்கும், நம் ரூட்டும் நிற்கும்.

இரண்டாமவரின் நான்கு வண்டிகளும் சரியாகவே இருந்தன. ஆனால் அவரிடமும் இல்லாத ஒன்று, சரக்குக்கான பாதுகாப்பு. முழுப் பாலிசி இருந்தால் சரக்கும் அதில் அடங்கும் என்று நினைப்பவர்கள் ஏராளம். மோட்டார் பாலிசி எதுவானாலும் வண்டியில் ஏற்றிய சரக்கின் சேதம் அதில் வராது. சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 2007இன்படி, அதிக மதிப்பை அறிவித்து அதற்கான கூடுதல் கட்டணத்தை ஏற்காவிட்டால், அச்சட்டத்தின் கீழ் வரும் சரக்கு ஏற்றுநரின் பொறுப்பு பொதுவாக வாடகையின் பத்து மடங்கோடு நின்றுவிடும். 3,600 ரூபாய் வாடகைக்கு அது 36,000. அன்றாடம் நாங்கள் ஏற்றியதோ ஆறு லட்சம் ரூபாய்ச் சரக்கு. எனவே டிரான்சிட் பாலிசியை நாங்களே எங்கள் பெயரில் எடுத்தோம். யார் வண்டி வந்தாலும் அது மாறாது.

முதலாமவரிடம் குறைகளை எழுதிக் கொடுத்து இரண்டு வாரம் அவகாசம் தந்தோம். எஃப்சியும் பெயர் மாற்றமும் ஒன்பது நாளில் முடிந்தன. மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்த வண்டிக்குப் பதில் வேறொன்றைக் கொண்டுவந்தார். அந்தச் செலவையும் சேர்த்து 3,350 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டு, இரண்டு வண்டிகளின் ரூட்டை அவருக்கும் இரண்டை மற்றவருக்கும் கொடுத்தோம். இருவர் உத்தரவிலும் ஒரே நிபந்தனை எழுதினோம்: பதிவேட்டில் இல்லாத வண்டி வந்தால், எண்ணை வாட்ஸ்அப்பில் முன்கூட்டியே அனுப்பி, பாலிசி விவரப் பக்கத்தைக் காட்டிய பிறகே கேட் பாஸ் கிடைக்கும். முதல் மாதத்தில் இதற்காக இருமுறை லோடு தாமதமானது. அதன் பிறகு மாற்று வண்டியின் எண் முந்தைய நாள் இரவே வரத் தொடங்கியது.