பில்டர் பிளானை நிறுத்தும் முன்: டொமைனை எங்கே திருப்புவது?

மேற்கு மாம்பலத்தில் என் சித்தப்பா கல்யாணச் சமையல் கான்ட்ராக்ட் எடுக்கிறார். அவருடைய வெப்சைட்டில் மொத்தம் 14 பக்கங்கள்: முகூர்த்தச் சாப்பாடு, வளைகாப்பு, சீமந்தம், சஷ்டியப்தபூர்த்தி என்று தனித்தனி மெனு, பந்திப் படங்கள், விசாரிக்க ஒரு ஃபார்ம். எல்லாம் ஒரு வெப்சைட் பில்டரில் செய்தது. ரினியூவலுக்கு ஒரு மாதம் இருக்கும்போது என்னைக் கூப்பிட்டார்.

"மெனுவ வருஷத்துக்கு ஒரு தடவதான் மாத்தறோம். இதுக்கு எதுக்குடா இவ்ளோ பணம்? நிறுத்திடு. ஆனா கார்டுல போட்டிருக்கற அட்ரஸும் மெயிலும் அப்படியே இருக்கணும்."

அவர் ஒன்றாகச் சொன்னதில் மூன்று சமாசாரங்கள் இருக்கின்றன. பில்டர் பிளான் என்பது பக்கங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு வாடகை. டொமைன் தனிச் சொத்து, அதற்குத் தனி ரினியூவல். மெயில் மூன்றாவது, டொமைனின் டிஎன்எஸ் பதிவுகளை, அதாவது தளமும் மெயிலும் எங்கே இருக்கின்றன என்று சொல்லும் முகவரிக் குறிப்புகளை, பார்த்துத்தான் அது வந்து சேர்கிறது. வாடகையை நிறுத்தினால் சொத்து போகாது. ஆனால் அந்தப் பதிவுகளை வைத்துப் பதில் சொல்லும் நேம்சர்வர் பில்டருடையதாக இருந்தால், இடம் மாற்றும்போது மெயிலுக்கு ஆபத்து. அதனால் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் டெர்மினலில், example.com இடத்தில் நம் டொமைனைப் போட்டு, இதை ஓட்டிப் பார்த்துவிடுவேன்:

```
dig example.com NS +short
dig example.com MX +short
dig example.com TXT +short
```

முதல் வரி டிஎன்எஸ் யார் கையில் என்று சொல்லும். இரண்டாவது, மெயில் எங்கே போகிறது என்று. மூன்றாவது, டொமைன் பெயரில் மெயில் அனுப்ப யாருக்கு அனுமதி என்பது போன்ற உரைப் பதிவுகளைக் காட்டும். சித்தப்பாவின் டொமைன் வேறு ரெஜிஸ்ட்ராரிடம் வாங்கியது. நேம்சர்வர் மட்டும் பில்டருடையது. மெயில் பெட்டி இன்னொரு நிறுவனத்தில். இது நல்ல நிலைமை. டொமைனையே பில்டரிடம் வாங்கியவர்கள், நேம்சர்வரை மாற்ற அங்கே அனுமதி உண்டா என்று பார்க்க வேண்டும். சில இடங்களில் கிடையாது; டொமைனை வேறு ரெஜிஸ்ட்ராருக்கு டிரான்ஸ்ஃபர் செய்தால்தான் வழி. வாங்கி 60 நாள் ஆகாத .com டொமைனை டிரான்ஸ்ஃபர் செய்ய முடியாது.

இனி வழிகள். டொமைனை இன்ஸ்டாகிராம் பக்கத்துக்குத் திருப்பிவிடலாம் என்று தம்பி சொன்னான். வேண்டாம் என்றேன். அடுத்தவர் இடத்தை மட்டும் நம்பினால், அவர் நிறுத்தும் நாளில் நம் கையில் ஒன்றும் இருக்காது. கூகுள் பிசினஸ் புரொஃபைலோடு இலவசமாக வந்த குட்டி வெப்சைட்டுகளை 2024 மார்ச்சில் கூகுள் நிறுத்தியபோது, அதை மட்டுமே நம்பியிருந்த கடைகளுக்குக் கைவசம் பக்கமே இல்லாமல் போனது.

மிச்சம் மூன்று. முதலாவது, பில்டரின் இலவசப் பிளானுக்கு இறங்குவது. எல்லா பில்டரிலும் இலவசப் பிளான் இருக்காது. இருக்கும் இடத்தில் பக்கங்கள் அழியாமல் பில்டரின் சப்டொமைனில், அவர்கள் விளம்பரத்தோடு தொடரும். சொந்த டொமைனை நேரே இணைக்க முடியாது. ரெஜிஸ்ட்ரார் பக்கத்திலிருந்து ஃபார்வர்டு செய்யலாம், அவ்வளவுதான். வேலை குறைவு என்பது உண்மை. ஆனால் கார்டைப் பார்த்து டைப் செய்தவருக்கு நீளமான வேறொரு முகவரியும் விளம்பரப் பட்டையும் தெரியும். ஆறு மாதம் சமாளிக்க இது போதும், நிரந்தரத்துக்கு உதவாது.

இரண்டாவது, ஷேர்டு ஹோஸ்டிங்கில் வேர்ட்பிரஸ். சில பில்டர்கள் வேர்ட்பிரஸ் படிக்கக்கூடிய எக்ஸ்போர்ட் ஃபைல் தருவார்கள். அதில் எழுத்துகளும் பதிவுகளும் வரும், வடிவமைப்பு வராது. வாரா வாரம் எழுதுகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் பிளகின் அப்டேட் பார்க்க ஓர் ஆள் வேண்டும். பந்தி மேற்பார்வையில் நிற்கிற மனிதர் பிளகின் அப்டேட் பார்க்க மாட்டார். பார்க்காமல் விட்ட வேர்ட்பிரஸ் ஒருநாள் யாரோ சூதாட்ட விளம்பரம் போடும் இடமாகிவிடும்.

மூன்றாவது, வெறும் எச்டிஎம்எல் பக்கங்களாக மாற்றி ஸ்டாட்டிக் ஹோஸ்டில் வைப்பது. கிட்ஹப் பேஜஸ் எல்லாருக்கும் தெரிந்தது, ஆனால் வியாபாரம் நடத்தும் இலவச ஹோஸ்டிங்காக அதைப் பயன்படுத்த அவர்கள் விதி இடம் கொடுப்பதில்லை. அதனால் கிளவுட்ஃபிளேர் பேஜஸ் எடுத்தேன். வருஷச் செலவு டொமைன் ரினியூவலும் மெயிலும் மட்டும். ஃபார்ம் மட்டும் இயங்காது; அந்த இடத்தில் வாட்ஸ்அப் இணைப்பு வைத்தோம். சித்தப்பாவுக்கு அதுவே வசதி.

பக்கங்களை எடுப்பதில்தான் நேரம் போனது. முழுத் தளத்தையும் `wget --mirror` போட்டு இறக்கினேன். பார்க்க நன்றாக இருந்தது. வைஃபையை அணைத்துவிட்டு அதே ஃபைலைத் திறந்தேன்: பந்திப் படங்கள் இருந்த இடமெல்லாம் சாம்பல் கட்டங்கள். படங்கள் அதுவரை பில்டரின் சர்வரிலிருந்தே வந்துகொண்டிருந்தன. பிளான் முடிந்தபின் அவை எத்தனை நாள் வரும் என்று யாரும் உறுதி தர மாட்டார்கள். இந்த வைஃபை சோதனையைச் செய்யாமல் யாரும் பிளானை நிறுத்த வேண்டாம். இன்னொன்று, பக்கத்தில் தெரியும் படம் சுருக்கப்பட்ட நகல். வாழையிலையில் பதிர்பேணி இருக்கும் படத்தைப் பக்கத்திலிருந்து சேமித்தால் அகலம் 600 பிக்சல். மீடியா லைப்ரரியில் ஏற்றிய மூலம் 4000. எல்லாப் படங்களையும் லைப்ரரியிலிருந்தே இறக்கினேன். எழுத்தைப் பக்கம் பக்கமாக நகல் எடுத்து எளிய எச்டிஎம்எல்லில் போட்டேன். 14 பக்கங்களுக்கு இரண்டு மாலைகள். எழுத்தும் படமும் நம்முடையவை. டெம்பிளேட் பில்டருடையது, அதை அப்படியே தூக்கி வரப் பார்க்காதீர்கள்.

பழைய முகவரிகள் கூகுளில் பதிவாகியிருக்கும். பெயர் மாறிய பக்கங்களுக்கு `_redirects` என்ற ஃபைலில் ஒரு வரி போதும்:

```
/our-wedding-menu  /menu  301
```

கடைசியில் நேம்சர்வர். www இல்லாத வெறும் டொமைனை கிளவுட்ஃபிளேர் பேஜஸில் வைக்க நேம்சர்வரையே அங்கே மாற்றியாக வேண்டும். டொமைனைச் சேர்த்ததும் பழைய பதிவுகளை அதுவே தேடி இறக்கிக்கொள்ளும், ஆனால் எல்லாம் கிடைத்துவிடும் என்று நம்பக்கூடாது. மெயில் நம்மிடமிருந்துதான் வந்தது என்று காட்டும் டிகேஐஎம் பதிவை, அதன் பெயர் தெரிந்தால்தான் தேட முடியும் என்பதால் அது விடுபடலாம். விடுபட்டால் நாம் அனுப்பும் கொட்டேஷன் ஸ்பேமுக்குப் போகலாம். மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவு விடுபட்டால் இன்னும் மோசம். முன்பு ஒரு நண்பரின் கடைக்கு இதே வேலையைச் செய்தபோது எம்எக்ஸைச் சேர்க்க விட்டுவிட்டேன். எம்எக்ஸ் இல்லையென்றால் அனுப்பும் சர்வர் வெப்சைட்டின் ஐபிக்கே மெயிலைக் கொடுக்கப் பார்க்கும். அங்கே வாங்க ஆளிருக்காது. பல சர்வர்கள் உடனே திருப்பி அனுப்பாமல் நாள்கணக்கில் முயன்றுகொண்டே இருக்கும். அதனால் அனுப்பியவருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. மூன்றாம் நாள் ஒரு வாடிக்கையாளர் ஃபோன் செய்தபோதுதான் விஷயம் புரிந்தது. அந்த மூன்று நாளை இன்னும் மறக்கவில்லை.

இந்த முறை பில்டரின் டிஎன்எஸ் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வரிக்கு வரி புதிய இடத்தில் சரிபார்த்த பிறகுதான் ரெஜிஸ்ட்ராரிடம் நேம்சர்வரை மாற்றினேன். மறுநாள் `dig` மூன்றையும் மறுபடி ஓட்டினேன். சித்தியின் ஜிமெயிலிலிருந்து ஒரு மெயில் அனுப்பி, பதிலும் வரவழைத்தேன். பழைய பிளான் இன்னும் ஓடிக்கொண்டிருந்ததால் நடுவில் யாருக்கும் தளம் நிற்கவில்லை.

ஒரு வாரம் விட்டு பில்டரில் ஆட்டோ ரினியூவலை அணைத்தோம். "உடனே ரத்து செய்" என்ற பட்டனைத் தொடவில்லை; கட்டிய காசுக்கு மிச்ச நாள் இருந்தது, ஏதாவது படம் விட்டுப்போயிருந்தால் எடுத்துக்கொள்ளலாம். ரெஜிஸ்ட்ராரிடம் டொமைனின் ஆட்டோ ரினியூவல் ஆனில் இருக்கிறதா என்று சித்தப்பாவே தன் ஃபோனில் பார்த்து, பணம் கட்டும் கார்டின் காலாவதித் தேதியையும் சரிபார்த்துக்கொண்டார்.