ஆல்பா, பீட்டா, காமா கதிர்கள்: எது எவ்வளவு தூரம் போகும்?

பொலோனியம்-210 என்ற கதிரியக்கப் பொருள் விடும் ஆல்பா துகளுக்கு மின்னூட்டம் +2, எடையும் அதிகம். வழியில் உள்ள அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிடுங்கிக்கொண்டே போவதால் அதன் ஆற்றல் சீக்கிரம் தீர்ந்துவிடும். காற்றில் சுமார் 4 செ.மீ., திசுவில் சுமார் 0.04 மி.மீ., அவ்வளவுதான். தோலின் மேலடுக்கைக்கூட அது தாண்டாது. ஆனால் மூச்சிலோ உணவிலோ பொலோனியம் உள்ளே போய்விட்டால், அந்த முழு ஆற்றலும் ஒரு சில செல்களுக்குள்ளேயே இறங்கிவிடும். அதனால் "காகிதமே தடுத்துவிடும்" என்று ஆல்பாவை லேசாகச் சொல்வது எனக்குப் பிடிப்பதில்லை.

பீட்டா பெரும்பாலும் ஓர் எலக்ட்ரான். மின்னூட்டம் -1, எடை மிகக் குறைவு. யிட்ரியம்-90 விடுவதில் வேகமானவை காற்றில் 8 மீட்டருக்கு மேல், திசுவில் சுமார் 1 செ.மீ. போகும். தோலைச் சுட இது போதும்.

சரி, காமா? மின்னூட்டமே இல்லாததால் அதற்கு 'இத்தோடு நிற்கும்' என்ற எல்லையும் இல்லை. பாதி பாதியாகத்தான் குறையும். சீசியம்-137 காமா திசுவில் சுமார் 8 செ.மீ.க்குள் பாதியாகும், 16 செ.மீ.யில் கால்வாசி. காற்றில் பாதியாகவே ஏறத்தாழ 70 மீட்டர் வேண்டும்.