அறிக்கையிலிருந்து கலைச்சொல் பட்டியல்: வேண்டாத சொற்களை வடிகட்டும் முறை

திருகோணமலையில் இருந்து, கடற்கரைச் சூழல் பற்றிய நீண்ட ஆங்கில அறிக்கைகளைத் தமிழாக்குகிறேன். மொழிபெயர்க்கத் தொடங்கும் முன் அரிய கலைச்சொற்களைப் பிரித்தெடுக்க, சில வருடங்களாக பைதானில் `wordfreq` நூலகத்தைப் பாவிக்கிறேன். ஒரு சொல் பொது ஆங்கிலத்தில் எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பதை அது ஓர் எண்ணாகத் தரும். 3 என்றால் 10 இலட்சம் சொற்களுக்கு ஒரு தடவை. அதற்குக் கீழே உள்ளவற்றை எடுக்கிறேன்:

```python
from wordfreq import zipf_frequency
rare = [w for w in words
        if zipf_frequency(w, "en") < 3]
```

பென்திக், பாத்திமெட்ரி போன்றவை உடனே வந்துவிடும். கூடவே குப்பையும் வரும். உண்மையான வேலை அதைக் கழிப்பதில்தான் இருக்கிறது.

முதல் குப்பை, வரி முடிவில் உடைந்த சொற்கள். பிடிஎஃப்பில் இருந்து எழுத்தை எடுக்கும்போது 'செடிமென்டேஷன்' இரண்டு துண்டாகி, பின்பாதி தனிச் சொல்லாக நிற்கும். இணைகோட்டை நீக்கி ஒட்டலாம். ஆனால் கோடு இருக்கவேண்டிய கூட்டுச்சொற்களும் அப்போது ஒட்டிக்கொண்டு, புதிதாய் ஒரு பொய்ச்சொல் பிறக்கும். ஆகவே ஒட்டிய வடிவம் அதே அறிக்கையில் வேறோர் இடத்தில் முழுதாக வந்திருந்தாலோ, `wordfreq` அதற்குச் சுழியமல்லாத எண் தந்தாலோ மட்டுமே ஒட்டுகிறேன். இல்லாவிட்டால் இணைகோட்டை அப்படியே வைத்துக்கொள்கிறேன். இரட்டைப் பத்தி அறிக்கைகளுக்கு `pdftotext -layout` வேண்டாம். பக்கத்துப் பத்தியின் வரி இடையில் புகுந்துவிடும். `-layout` இல்லாமல் எடுப்பதே நல்லது.

அடுத்தது ஊர்ப்பெயர்கள்: மூதூர், கிண்ணியா, கொட்டியாரக்குடா. எல்லா இடத்திலும் பெரிய எழுத்தில் தொடங்கும் சொல்லைத் தள்ளினால் இவை போய்விடும். ஆனால் அந்த விதியை அப்படியே விட்டால் கடற்புல், பவளப் பேரினப் பெயர்களும் சேர்ந்து போகும். ஹாலோஃபிலா ஓவாலிஸ் என்பதில் முதற்சொல் எப்போதும் பெரிய எழுத்தில்தான் வரும். அதை மீட்கும் அடையாளம் அடுத்த சொல்லில் இருக்கிறது. இனப்பெயர் சிறிய எழுத்தில் தொடங்கும், அதுவும் அரிய சொல்லாகவே இருக்கும். ஊர்ப்பெயருக்குப் பின்னால் வருவது பெரும்பாலும் 'பே' போன்ற பெரிய எழுத்துச் சொல், அல்லது சாதாரணச் சொல். இந்தச் சோதனையைச் சேர்த்த பிறகு உயிரினப் பட்டியல் ஏறக்குறைய முழுதாகவே கிடைக்கிறது. 'sp.', 'spp.' என்று முடிபவற்றுக்கு மட்டும் தனி விதி வேண்டும்.

ஒரே ஒரு தடவை வரும் சொற்களை மொத்தமாகத் தள்ளுவது எனக்கு உடன்பாடில்லை. அரிய கலைச்சொல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஒரு தடவை வந்து எண்ணும் சுழியமாக இருப்பவற்றை மட்டும் தனிக் கோப்பில் போட்டு, அவை வந்த வாக்கியத்தோடு கண்ணால் பார்க்கிறேன். எழுத்துணரியின் பிழைகள் அங்கே குவிந்திருக்கும். நல்ல சொற்களும் இடையே அகப்படும்.

இந்த முறைக்கு எட்டாத ஒன்றும் உண்டு. அலையியலில் 'ஃபெட்ச்' என்றால் காற்று தடையின்றி வீசும் நீர்ப்பரப்பின் நீளம். பொது ஆங்கிலத்தில் அது சர்வசாதாரணமான சொல் என்பதால் எண் 3ஐத் தாண்டிவிடும், பட்டியலில் வராது. இத்தகைய சொற்களுக்கு அறிக்கையின் அட்டவணைத் தலைப்புகளையும் வரைபடக் குறிப்புகளையும் தனியே வாசிக்கிறேன்.