தொங்கும் ஜாலித் தடுப்பு: எண்பது கிலோ தாங்கும் என்றார்கள்

காரைக்குடியில் ஒற்றை அறை ஃப்ளாட்டில் இருக்கிறேன். அப்பத்தா என்னோடு தங்க வந்ததும், அவருடைய கட்டில் பக்கத்தை மறைக்கச் சீலிங்கிலிருந்து தொங்கும் ஜாலித் தடுப்பு வாங்கினேன். இரண்டரை அடி அகலத்தில் நான்கு பலகைகள், கீல் போட்டு இணைத்தவை. பத்தடி ரயிலில் ஓடி ஒரு ஓரமாக மடங்கும். முழுப் பணம் 22,000 ரூபாயையும் முன்பே வாங்கிக்கொண்டார்கள். "ரயில் எண்பது கிலோ தாங்கும்ண்ணே" என்றார் கடைக்காரர்.

அது ரயிலுக்கும் உருளைக்கும் உள்ள கணக்கு. ரயிலை எதில் முடுக்குகிறோம் என்பதை அவர் பேசவே இல்லை. பொருத்த வந்த பையன்கள் ஃபால்ஸ் சீலிங்கின் ஜிப்சம் போர்டிலேயே இரண்டு அடிக்கு ஒன்றாக ஆறு திருகு போட்டுவிட்டு அரை மணி நேரத்தில் போய்விட்டார்கள். அந்த போர்டு அரை அங்குல கனம்தான். தன் எடையையும் ஒரு விளக்கையும் சுமக்கத்தான் அது.

மூன்றாவது வாரம் ரயில் ஓரமாக மெல்லிய விரிசல் ஓடியது. தினம் காலையில் தரையில் கொஞ்சம் வெள்ளைப் பொடி கிடந்தது. பலகையும் வழியில் சிக்க ஆரம்பித்தது. ரயில் தொய்ந்ததன் அடையாளம் அது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. ஒரு சாயங்காலம் அப்பத்தா தடுப்பை மடக்கித் தள்ளியபோது அந்த ஓரம் போர்டோடு பிய்த்துக்கொண்டு இறங்கியது. அவர் தோளுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. இப்போது எழுதும்போதும் கை நடுங்குகிறது.

பலகையை எடை போட்டேன். ஒன்று 14 கிலோ, நான்கும் 56. விரித்திருக்கும்போது ஆறு திருகும் பங்கிட்டுச் சுமக்கும், ஒன்றுக்குப் பத்து கிலோவுக்குள்தான். மடக்கினால் அத்தனை எடையும் ஓரத்து இரண்டு திருகில், ஒன்றுக்கு 28 கிலோ. அதனால்தான் மடக்கும்போது விழுந்தது.

கடைக்காரரோ, "ரயில் உடையலையே, உங்க சீலிங்தானே போச்சு" என்றார். நீளத் திருகு போட்டுத்தர 3,500 கேட்டார். போர்டுக்கு மேலே வெற்றிடம். நீளத் திருகு அங்கே எதைப் பிடிக்கும்? பணமும் திரும்பவில்லை. பில்லில் பொருத்தும் முறை பற்றி ஒரு வரிகூட இல்லை.

பிறகு வேறொரு ஆசாரி ஃபால்ஸ் சீலிங்கை ஒரு பட்டையாக அறுத்து, மேலே கான்கிரீட் தளத்தில் ஆங்கர் போல்ட் இறக்கி, திரெட் ராடு தொங்கவிட்டு ரயிலை மாட்டினார். ஆடாமலிருக்கப் பக்கவாட்டில் சட்டம் கொடுத்தார். மடங்கும் ஓரத்தில் மட்டும் போல்ட்டுகளை நெருக்கமாக வைத்தார். துளை போடும் முன் தளத்துக்குள் கரண்ட் பைப் போகும் வழியையும் பார்த்துக்கொண்டார்.

உங்கள் வீட்டில் துளை போடும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். வெள்ளைப் பொடி மட்டும் கொட்டி, டிரில் சட்டென்று உள்ளே வழுக்கினால் அது வெறும் போர்டு. சாம்பல் நிறப் பொடி வந்து, டிரில் திணறினால்தான் தளம். வெள்ளையோடு நிறுத்தினால் அங்கேயே வேலையை நிறுத்தச் சொல்லுங்கள், மீதிப் பணம் உங்கள் கையில் இருக்கும்போதே.